ரெண்டு பிளாக்காம்: ஒரே மெசேஜில் தமிழும் ஆங்கிலமும் எப்போது ஒட்டும், எப்போது உறுத்தும்

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில், பெங்களூரில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு நான் அனுப்பிய மெசேஜ் இது.

"அப்பாவுக்கு நேத்து நைட் ஆஞ்சியோ பண்ணாங்க. ரெண்டு பிளாக்காம். ஸ்டென்ட் வச்சாச்சு. இப்போ ஐசியூல இருக்காரு, நல்லா பேசுறாரு. எனக்குத்தான் கையும் ஓடல காலும் ஓடல."

ஐந்து வாக்கியம், ஐந்து ஆங்கிலச் சொல். எழுதும்போது எதையும் யோசிக்கவில்லை, யோசிக்கும் நிலையிலும் இல்லை. பல நாள் கழித்து வேறு ஏதோ தேடும்போது இந்த மெசேஜ் கண்ணில் பட்டது, அப்போதுதான் கவனித்தேன், இதில் ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற முடியாது. ஐந்து ஆங்கிலச் சொல்லும் ஐந்து இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் எல்லாக் கலப்பும் இப்படி ஒட்டுவதில்லை. "மை அப்பா இஸ் இன் ஐசியூ, அவர் இஸ் பேசிங்" என்று நான் எழுதியிருந்தால் அவளுக்குப் பொருள் புரிந்திருக்கும், ஆனால் ஃபோனை யாரோ எடுத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். இரண்டும் கலப்புதான். ஒன்று பேச்சு, மற்றொன்று பேச்சே இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

என் மெசேஜில் ஆங்கிலம் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்பதைவிட எங்கெல்லாம் வரவில்லை என்று பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். அப்பாவுக்கு என்பதில் உள்ள "-உக்கு", ஐசியூல என்பதில் உள்ள "-ல", பண்ணாங்க என்பதில் உள்ள காலமும் மரியாதையும், வினை கடைசியில் வரும் வரிசை, இவை எல்லாமே தமிழ். ஆங்கிலத்திலிருந்து வந்தவை பெயர்கள் மட்டும். வீடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள், செங்கல்லை எந்தச் சூளையிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் பூச்சுக் கலவை ஒன்றுதான். கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் என்ற மொழியியலாளர் நைரோபியில் சுவாஹிலியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர்களைக் கேட்டுவிட்டு 1993இல் முன்வைத்த கருத்து இதுதான். கலக்கிற இரண்டு மொழிகளும் சமமாகக் கலப்பதில்லை, ஒன்று சட்டகம் ஆகிறது, மற்றது அதில் வந்து உட்காருகிறது. சொல் வரிசையும் சொற்களைக் கோக்கும் விகுதிகளும் சட்டக மொழியுடையவை. நம் மெசேஜ்களில் பெரும்பாலும் தமிழ்தான் சட்டகம், அதில் எத்தனை ஆங்கிலச் சொல் இருந்தாலும் சரி.

தமிழிலேயே இதைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர்களும் உண்டு. 1990இல் டேவிட் சாங்க்காஃப், ஷானா பாப்ளாக், சுவாதி வன்னியராஜன் மூவரும் தமிழ்ப் பேச்சில் தனித்தனியாக வந்து விழும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் வாயில் ஒரே ஒரு முறை மட்டும் வந்த ஆங்கிலச் சொல்கூட, வேற்றுமை உருபு ஏற்பதில் சொந்தத் தமிழ்ச் சொல்லைப் போலவே நடந்துகொள்கிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது சொல் அகராதிக்குள் வரக் காத்திருப்பதில்லை. வாயில் வந்த அந்த நொடியிலேயே தமிழ் இலக்கணம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாம் வேற்றுமை "-ஐ" இதற்கு நல்ல சோதனை. தமிழில் ஆளைச் சொல்லும் பெயர் செயப்படுபொருளாக வந்தால் "-ஐ" வந்தே ஆக வேண்டும், பொருளைச் சொல்லும் பெயரென்றால் விட்டுவிடலாம். "தண்ணி கொண்டு வா" சரி, "தம்பி கூட்டிட்டு வா" என்றால் தம்பியை ஏவுவது போல் ஆகிவிடும், "தம்பியைக் கூட்டிட்டு வா" என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். "ஃபைல் அனுப்பு" சரி. "டிரைவர் கூப்பிடு" சரியில்லை, "டிரைவரைக் கூப்பிடு". ஆங்கிலத்தில் இந்தப் பாகுபாடே கிடையாது, அந்தச் சொற்கள் இதை அங்கிருந்து கொண்டுவரவில்லை. இங்கே வந்த பிறகு ஏற்றுக்கொண்டது. இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். "ஃபைல் அனுப்பு" என்றால் ஏதோ ஒரு ஃபைல், "ஃபைலை அனுப்பு" என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்த ஃபைல். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு குட்டிச் சொல்லைப் போட்டுச் செய்கிற வேலையைத் தமிழில் "-ஐ" செய்துவிடுகிறது. அதனால்தான் "தி ஃபைலை அனுப்பு" என்று யாரும் எழுதுவதில்லை, எழுதினால் ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்து நிற்பது போல் இருக்கும்.

புணர்ச்சியும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன நன்னூல் விதிகள் நம் வாட்ஸப் மெசேஜ்களில் தினமும் வேலை செய்கின்றன. தனிக்குறிலை அடுத்த மெய்யெழுத்துக்குப் பின் உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும், கல் கல்லை ஆகும், ஆனால் கால் காலைதான். அதே கணக்கில்தான் பில் "பில்லை" ஆகிறது, பஸ் "பஸ்ஸை" ஆகிறது, கார் "காரை" என்று நின்றுவிடுகிறது. உயிரில் முடியும் சொற்களுக்கு உடம்படுமெய் வேண்டும். இ, ஈ, ஐ என்றால் "ய்", ஏ என்றால் இரண்டில் எதுவும் வரலாம், மற்ற உயிர்களுக்கு "வ்". தோழியிடம் "ஃப்ரீயா?" என்று கேட்கிறோம், "தீயா" என்பது போல. "நைட் ஷோவா?" என்று கேட்கிறோம், "பூவா" என்பது போல. திங்கட்கிழமையை ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்கும்போது சிலர் "மண்டேவா?" என்பார்கள், சிலர் "மண்டேயா?" என்பார்கள், இரண்டுமே காதுக்கு உறுத்தாது, ஏனென்றால் ஏகாரத்துக்கு விதியே அப்படி. யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. சொல் ஆங்கிலமாக இருந்தாலும் ஒலி தமிழ் வழியில் ஒட்டுகிறது, அந்த ஒட்டுதலைத்தான் நாம் இயல்பு என்று உணர்கிறோம்.

என் மெசேஜில் எனக்கு மிகவும் பிடித்த இடம் "பிளாக்காம்". அடைப்பு என்பதற்கு ஆங்கிலச் சொல், அதன் வாலில் ஒரு "ஆம்". இது நானாகக் கண்டது இல்லை, டாக்டர் சொன்னது, சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன் என்கிற முழு வாக்கியமும் அந்த இரண்டு எழுத்தில் அடங்கிவிட்டது. முழு ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் டாக்டர் சொல்கிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். தோழி அந்த "ஆம்" வழியாகவே, நான் ரிப்போர்ட்டை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டாள், அடுத்த கேள்வியே "ரிப்போர்ட் கைல குடுத்தாங்களா?" என்று வந்தது.

பெயர்ச்சொல் சுலபம். வினைச்சொல்தான் தகராறு பிடித்தது. ஆங்கில வினையின் வாலில் நேரடியாகத் தமிழ்க் காலத்தை ஒட்ட முடியாது, "கேன்சலினேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் தமிழ் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆங்கில வினையைப் பெயர் போல முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் "பண்ணு" அல்லது "ஆகு" போட்டு, காலம், இடம், மரியாதை எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றிவிடுவது. கேன்சல் பண்ணேன், கேன்சல் பண்ணாங்க, கேன்சல் ஆச்சு, கேன்சல் ஆகும்.

இதில் பண்ணுவா, ஆகுவா என்பது வெறும் இலக்கணம் என்று நினைத்துவிடாதீர்கள், பழி யார் மேல் என்பதையே அது தீர்மானிக்கிறது. "உன் மெசேஜை டெலிட் பண்ணிட்டேன்" என்றால் நான் செய்தேன். "உன் மெசேஜ் டெலிட் ஆயிடுச்சு" என்றால் என் கையை மீறி நடந்தது. "டிரெயினை மிஸ் பண்ணிட்டேன்" என்பதற்கும் "டிரெயின் மிஸ் ஆயிடுச்சு" என்பதற்கும் இடையே ஒரு மன்னிப்பு அளவுக்குத் தூரம் இருக்கிறது. காத்திருந்த தோழிக்கு எதை அனுப்புகிறோம் என்பதை வைத்தே அவள் கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று முடிவு செய்வாள்.

"மிஸ்" என்ற இந்தச் சொல்லை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அதற்குத் தவறவிடுவதும் உண்டு, ஏங்குவதும் உண்டு. தமிழுக்குள் வந்ததும் இந்த இரண்டையும் தமிழ் விகுதிதான் பிரிக்கிறது. "உன்னை மிஸ் பண்றேன்" என்றால் ஏக்கம். "உன்னை மிஸ் பண்ணிட்டேன்" என்றால் நீ வந்த நேரத்தில் நான் இல்லை, தவறவிட்டேன். "-இட்டேன்" ஒரு காரியம் முடிந்துபோனதைச் சொல்கிறது, ஏக்கம் முடிந்துபோகிற காரியம் இல்லையே. ஊருக்கு வந்த ஒரு தோழியை நான் ஸ்டேஷனில் பார்க்க முடியாமல் போனபோது, அன்று ராத்திரி மனசு கேட்காமல் "உன்னை ரொம்ப மிஸ் பண்ணிட்டேன்" என்று அனுப்பினேன். அவள் "பரவால்ல விடு, அடுத்த தடவை பாக்கலாம்" என்று பதில் போட்டாள். நான் சொல்ல வந்தது வேறு. நான்தான் தவறான வாலை ஒட்டியிருந்தேன்.

எல்லா இடத்திலும் பண்ணு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மெசேஜ் போடுவோம், கமெண்ட் போடுவோம், லீவு போடுவோம் அல்லது எடுப்போம். போட்டோ எடுப்போம், டிக்கெட் எடுப்போம். போர் அடிக்கும், காப்பி அடிப்போம். வண்டியின் பிரேக்கைப் போடுவோம், வேலைக்கு நடுவில் பிரேக் எடுப்போம், சொல்லின் ஒலி ஒன்றுதான், பின்னால் வரும் வினைதான் எது எது என்று காட்டுகிறது. "லீவு பண்ணேன்" என்று எழுதினால் தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர் என்று தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துக்காரர் "கோல் எடுக்கிறன்" என்பார், சென்னைக்காரர் "கால் பண்றேன்" என்பார். ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு ஊரிலும் அதைக் கட்டும் கயிறு வேறு. அந்த வினையை வைத்தே ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் எண்கள். இதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். "ரெண்டு டிக்கெட்", "மூணு மீட்டிங்", "அஞ்சு ஸ்டேஷன் தாண்டி" என்றெல்லாம் தமிழ் எண்ணோடு ஆங்கிலப் பெயர் அழகாகச் சேருகிறது. தலைகீழாகப் போட்டால் ஒட்டாது. "டூ புத்தகம்", "த்ரீ மணிக்கு", "டென் நிமிஷத்துல" என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. "மூணு மணிக்கு" என்போம், இல்லாவிட்டால் முழுசாக "த்ரீ ஓ க்ளாக்" என்போம். காரணம் முன்னே சொன்னதுதான். எண் என்பது சட்டகத்தோடு சேர்ந்த பொருள், தமிழ் எண் எந்தப் பெயரையும் எண்ணும், ஆங்கில எண் வந்தால் அது தன்னோடு தன் ஆங்கிலப் பெயரையும் கூட்டிக்கொண்டு ஒரு தனித் தீவாகத்தான் வரும். பன்மையும் இதைக் காட்டிக்கொடுக்கிறது. "ரெண்டு டிக்கெட் எடு" என்னும்போது பன்மை விகுதி வேண்டியதில்லை, தமிழில் ரெண்டு மாம்பழம் என்றால் போதும், மாம்பழங்கள் வேண்டாம். "டூ டிக்கெட்ஸ்" என்றால் மட்டும் அந்த "ஸ்" தானாக வந்து ஒட்டுகிறது.

இணைப்புச் சொற்களுக்கு வருவோம். பட், ஸோ, பிகாஸ் மூன்றும் தமிழ் மெசேஜ்களில் சர்வ சாதாரணம். "வரணும்னுதான் இருந்தேன், பட் முடியல." "நாளைக்கு வரல, பிகாஸ் அண்ணி வராங்க." இவை ஏன் இவ்வளவு எளிதாக நுழைகின்றன என்றால், தமிழிலும் அதே இடத்தில் ஆனா, அதனால, ஏன்னா என்ற தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், நாற்காலி ஏற்கெனவே போட்டிருக்கிறது, ஆள் மட்டும் மாறுகிறார். "இஃப்" அப்படி இல்லை. தமிழில் நிபந்தனை என்பது வினையின் வாலில் இருக்கிறது, "வந்தா", "சொன்னா". "இஃப் நீ வர, நான் வரேன்" என்று யாரும் எழுத மாட்டார்கள், எழுதினாலும் "இஃப் நீ வந்தா" என்று அந்த "ஆ" வந்துதான் தீரும், அது வந்த பிறகு முன்னால் இருக்கும் இஃப்புக்கு வேலை இல்லை. "இஃப் பாசிபிள் நாளைக்கே வா" என்பது ஓடும், ஏனென்றால் அங்கே இரண்டு ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து ஒரே கட்டாக வந்து இறங்குகின்றன.

முழு ஆங்கில வாக்கியத்தையே தமிழுக்குள் இறக்க ஒரு வாசல் உண்டு, அது "-னு". "ஐ ஆம் டன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்." "லெட்ஸ் சீன்னு ஒரே வரில பதில் போட்டாரு எங்க மேனேஜர்." உள்ளே எவ்வளவு நீள ஆங்கிலம் இருந்தாலும் "-னு" அதைக் கட்டி மூட்டையாக்கி, பின்னால் வரும் தமிழ் வினையிடம் ஒப்படைத்துவிடும். மேற்கோள் காட்டும்போது மொழி மாறுவது உலகம் முழுக்க நடக்கிற ஒன்று, ஒருவர் சொன்னதை அவர் சொன்ன மொழியிலேயே சொன்னால்தான் அவர் குரல் கேட்கும். மேனேஜர் அதை ஆங்கிலத்தில் சொன்னதில்தான் அந்தத் தட்டிக்கழித்தலே இருக்கிறது, "பாக்கலாம்னாரு" என்று மாற்றினால் பாதி போய்விடும்.

இதுவரை சொன்னது எங்கே ஆங்கிலம் உட்கார முடியும் என்பது. எந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொல்கிறோம் என்பது வேறு கேள்வி. ஆஞ்சியோ, ஸ்டென்ட், ஐசியூ இவற்றையெல்லாம் நான் ஆங்கிலத்தில் எழுதியது தமிழ்ச் சொல் தெரியாததால் இல்லை. அந்தச் சொற்கள் டாக்டர் வாயிலிருந்தும் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய பலகையிலிருந்தும் பில்லிலிருந்தும் என்னிடம் அப்படித்தான் வந்தன. வந்தபடியே கைமாற்றினேன். கலைச்சொல் தேடி "தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டுள்ளார்" என்று நான் எழுதியிருந்தால், தோழி அதைச் செய்தித்தாள் தலைப்பு போலப் படித்துப் பயந்திருப்பாள். கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு ஆங்கிலச் சொல்லும் கிடையாது. "கையும் ஓடல காலும் ஓடல" என்பது எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது, என் அம்மா சொல்லிச் சொல்லி எனக்குள் இறங்கியது. அந்த நேரத்து நிலைக்கு வேறு மொழியில் என்னிடம் சொல் இல்லை.

தோழியின் பதில் இரண்டு தவணையாக வந்தது. முதலில், முழு ஆங்கிலத்தில், "ஸோ சாரி டு ஹியர் திஸ், டேக் கேர்" என்ற பொருளில் ஒரு வரி. ஆஃபீஸ் மீட்டிங்கில் இருந்திருக்கிறாள், கண்ணில் பட்டதும் விரல் தட்டியது அது. இரண்டு நிமிஷம் கழித்து, "ஏய், சாப்டியாடி? அம்மாகூட யாரு இருக்கா?" முதல் வரியைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதைப் படித்ததும் காரிடாரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முதல் வரியில் தப்பு எதுவும் இல்லை, இரக்கமும் இருந்தது. ஆனால் அதை அவள் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். "சாப்டியாடி" என்பதை எனக்கு மட்டும்தான் அனுப்ப முடியும், அந்த "டி" எங்கள் இருவருக்கும் இடையே பத்து வருஷமாக இருக்கிற ஒன்று, ஆங்கிலத்தில் அதற்கு இடமே கிடையாது. எப்போதும் கலந்து பேசுகிற இருவரில் ஒருவர் திடீரென்று ஒரே மொழிக்குப் போனால் அது ஒரு செய்தி. தோழியோடு சண்டை வந்தால் நான் முழு ஆங்கிலத்துக்குப் போவேன், "ஃபைன். ஆஸ் யூ விஷ்" என்று புள்ளி வைத்து எழுதுவேன். அவளோ சுத்தத் தமிழுக்குப் போவாள், "சரி, உன் விருப்பம்" என்று. இரண்டு பேருமே கதவைச் சாத்துகிறோம்.

ஆங்கிலம் எப்போதும் தூரம் என்றும் சொல்லிவிட முடியாது. சாரியும் மன்னிப்பும் இதற்கு நல்ல உதாரணம். மெசேஜுக்குப் பதில் போட மறந்தால் "சாரிடி" போதும். அதற்குப் போய் "என்னை மன்னிச்சிடு" என்று எழுதினால் என்னமோ பெரிதாக நடந்துவிட்டது என்று அவள் பதறிப்போய் ஃபோன் பண்ணுவாள். ஆனால் உண்மையிலேயே மனசை நோகடித்த பிறகு சாரி போதாது, அது லேசான சொல், தினமும் தேய்ந்த சொல். தேங்க்ஸும் அப்படித்தான், நெருங்கியவர்களிடம் "நன்றி" என்று எழுதினால் கணக்குத் தீர்த்துவிட்டது போலத் தோன்றும். இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஒரே உணர்வுக்கு இரண்டு எடைக்கல் இருக்கிறது, எதை எப்போது தராசில் வைப்பது என்று தெரிந்திருந்தால்தான் கலப்பு இயல்பாக இருக்கும்.

நீ, நீங்க விவகாரத்துக்கும் ஆங்கிலம் கை கொடுக்கிறது. தோழியின் கணவருக்கு முதல் முறை மெசேஜ் எழுதும்போது எனக்கு இந்தச் சங்கடம் வந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவர். நீ என்றால் மரியாதை இல்லை, நீங்க என்றால் தோழி சிரிப்பாள், அண்ணா என்று கூப்பிடவும் முடியாது. கடைசியில் "ஹாய், ஆர் யூ ஃப்ரீ டுமாரோ?" என்று எழுதினேன், ஆங்கில "யூ" இந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. பழகிய பிறகு அது "நாளைக்கு ஃப்ரீயா இருப்பீங்களா?" என்று தமிழ்ச் சட்டகத்துக்கு வந்து சேர்ந்தது, நீங்க என்றே நிலைத்துவிட்டது. ஓகேங்க, ஓகேடா, ஓகேம்மா, தேங்க்ஸ்ங்க, சாரிக்கா என்று ஆங்கிலச் சொல்லின் வாலில் தமிழ் உறவை ஒட்டுவது இதற்கு அடுத்த கட்டம். ஓகே என்று மட்டும் பதில் வந்தால் கோபமா என்று கேட்கிறோம், ஓகேடி என்று வந்தால் கேட்பதில்லை.

எழுத்து என்று ஒரு சிக்கல் இருக்கிறது, பேச்சில் இது கிடையாது. மேலே உள்ள மெசேஜ்களை நான் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், உண்மையில் பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தில்தான் தட்டினோம். அப்படித் தட்டும்போது எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் கணிக்க வேண்டும். பெண் என்பதைப் பி, இ, என் என்று மூன்று எழுத்தில் தட்டினால் அது பேனாவாகவும் படிக்கும். "தான்" என்பதை டி, எச், ஏ, என் என்று தட்டினால் ஆங்கிலத்தில் ஒப்பிட வரும் சொல்லின் எழுத்துக்கூட்டு அப்படியே வந்துவிடும். தேன் "அப்புறம்" ஆகிவிடும், மண் மனிதனாகிவிடுவான். ஒரு சொல் இப்படி இருந்தால் சுற்றியுள்ள சொற்கள் காப்பாற்றும். ஒரே வரியில் இரண்டு மூன்று வந்தால் கண் தடுக்கும், வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். வலி, வழி என்ற இரண்டையும் ஒரே மாதிரி தட்டுகிறவர்கள் நிறைய பேர், "வலி தெரியல" என்பதும் "வழி தெரியல" என்பதும் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவரிடமிருந்து வரும்போது இரண்டுமே பொருந்தும். ஆங்கிலச் சொல் கூடக் கலந்திருக்கும் மெசேஜில் இந்த மாதிரிச் சொற்களை மட்டுமாவது தமிழ் எழுத்தில் தட்டிவிடுவது நல்லது, நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

எழுதிய மெசேஜ் ஒட்டுகிறதா உறுத்துகிறதா என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்ப்பேன், அதே பொருளில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "ஐசியூல இருக்காரு", "வீட்ல இருக்காரு", "திண்ணைல இருக்காரு". மற்ற எதையும் தொடாமல் வாக்கியம் நிற்கிறது. "பில்லைக் கட்டிட்டியா", "வாடகையைக் கட்டிட்டியா". நிற்கிறது. "அவர் இஸ் பேசிங்" என்பதில் இஸ்ஸை எடுத்துவிட்டு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பீர்கள்? வைக்க ஒன்றும் இல்லை, தமிழில் அந்த இடமே கிடையாது. இன்னொரு விஷயம், சட்டகம் பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும். "நான் மீட்டிங்கில் இருக்கின்றேன், பிறகு கால் செய்கிறேன்" என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் தோழிக்கு அனுப்பினால் கம்பெனியிலிருந்து தானாக வரும் அறிவிப்பு போல இருக்கும். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்டுறேன்" என்பதுதான் நம் குரல்.

இந்தக் கணக்கெல்லாம் தமிழ் சட்டகமாக இருக்கும் இடத்துக்கு. வெளிநாட்டில் வளர்ந்த என் அக்கா மகளுக்குச் சட்டகம் ஆங்கிலம். அவள் எழுதுவது ஆங்கில வாக்கியம், நடுவில் சித்தி, தாத்தா, ரசம், மொக்கை, கடுப்பு என்று தமிழ்ப் பெயர்கள் வந்து உட்காரும். "தட் மூவி வாஸ் ஸோ மொக்கை சித்தி" என்று அனுப்புவாள், எனக்கு அது துளியும் உறுத்துவதில்லை, அவள் சட்டகத்தில் மொக்கை சரியான நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தமிழ் வினைகளை அவள் ஒருபோதும் ஆங்கிலச் சட்டகத்துக்குள் கொண்டுவருவதில்லை, ஆங்கிலத்தில் பண்ணு மாதிரி எதையும் ஏற்றிச் செல்லும் வண்டி அவளிடம் இல்லை. தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போன அந்த வாரம் மட்டும் அவள் முழுத் தமிழில் எழுத முயன்றாள், "தாத்தா எப்படி இருக்கு?" என்று. தாத்தாவுக்கு "இருக்காரு" வர வேண்டும், வரவில்லை. நான் திருத்தவில்லை, அவரிடம் படித்துக் காட்டினேன்.

ஐந்தாவது நாள் தோழிக்கு இன்னொரு மெசேஜ் போட்டேன். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க" என்று முதலில் தட்டினேன், அப்புறம் அழித்துவிட்டு "அப்பா டிஸ்சார்ஜ் ஆயிட்டாருடி" என்று மாற்றினேன். பண்ணியது ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் எனக்கு அவர்கள் வேண்டாம், அப்பா மட்டும் இருந்தால் போதும் என்று இருந்தது.